வாசலில் வந்து இறங்கும் விலை

இரும்புப் படிக்கட்டில் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள் அக்கா. வலது கையில் ஒரு ட்ராலி வீல். இடது கையில் மடித்த தாள். கடிகாரம் மூன்று ஐம்பத்திரண்டைக் காட்டியது. நான்கு மணிக்குள் தம்பியின் விரல் போனில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், மொத்தப் பணமும் ஊர் தாண்டிப் போய்விடும். அதற்குப் பிறகு ஆண்டவனே வந்து கேட்டாலும் திரும்பாது.

கண்ணாடி அறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள்.

"டேய், நிறுத்து! அனுப்பிடாத!"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அக்காவைவிட ஆறு வயது இளையவன். பட்டறையின் முதலாளி அவன்தான். சரக்கு வாங்குவது அவள் வேலை. செக்கில் கையெழுத்து அவன் உரிமை. அதாவது பணம் மிச்சமானால் அவன் கெட்டிக்காரன், சரக்கு சொதப்பினால் அவள் பொறுப்பு.

"என்னக்கா, தீப்பிடிச்ச மாதிரி வர்ற?"

"இதப் பாரு." வீலை மேசைமேல் வைத்துச் சுழற்றினாள். வீல் நாலு சுற்று ஓடியது. ஐந்தாவது சுற்றில் குடித்தவன் போல ஒரு பக்கமாகத் தள்ளாடியது. "சர்க்கரை அனுப்பின சாம்பிள் இது. இருபதுல ஒண்ணு இப்படி ஆடுது. வெல்டர் இப்பதான் கண்டுபிடிச்சான்."

சர்க்கரை என்பது அவர்கள் ஒரு விற்பனையாளனுக்கு வைத்த பெயர். போனை எடுத்தாலே "சொல்லுங்க மேடம், உங்களுக்காகத்தானே உக்காந்திருக்கேன்" என்று உருகுவான். ஒரு வீலுக்கு அவன் கேட்ட விலை நூற்று எண்பத்தைந்து. மூன்று பேர் கொடுத்த விலைகளில் அதுதான் மிகக் குறைவு.

"இருபதுல ஒண்ணுதானே?" என்றான் தம்பி.

"ஐந்நூறுல இருபத்தஞ்சு. ஒரு ட்ராலிக்கு நாலு வீல். ஒரு வீல் ஆடினா அந்த ட்ராலியே ஆடும். பாக்காம மாட்டினா இருபத்தஞ்சு ட்ராலி மூலையில நிக்கும், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாத நிலைமை. புதிதாகத் திறக்கவிருந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்கு நூற்றிருபது மருந்து ட்ராலிகள் செய்து தர ஆர்டர் வந்திருந்தது. நாற்பது நாள் கெடுவில் எட்டு நாள் விலை விசாரிப்பதிலேயே போயிருந்தது. பட்டறையில் பதினோரு பேர். வேறு ஆர்டர் எதுவும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இல்லை. இது கைவிட்டுப் போனால் ஷட்டரை இறக்கி, சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கீழே வேலை செய்யும் பதினோரு பேருக்கும் இது தெரியும். வெல்டர் மட்டும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவான்.

அக்கா தாளைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட ஒப்பீடு. மூன்றாவது ஆள் கெடுவுக்குள் தர முடியாது என்றதால் அவன் பெயரை அடித்திருந்தாள். மீதி இருவர்: சர்க்கரை, அப்புறம் சிடுமூஞ்சி. சிடுமூஞ்சிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவனோடு ஒரு நிமிடம் பேசினவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவன் விலை இருநூற்று இருபத்துநாலு.

"அக்கா, முப்பத்தொன்பது வித்தியாசம். ஐந்நூறு வீலுக்குப் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. சும்மாவா?"

"நீ மேல இருக்கற வரியோட நின்னுட்ட. கீழ வா. நூத்தி எண்பத்தஞ்சுங்கறது அவன் கிடங்கு வாசல்ல. நம்ம வாசலுக்கு வரணும்ல? பேக்கிங்குக்கு ஆறு. லாரி வாடகை நம்ம தலையில, வீலுக்குப் பதினெட்டு. இறக்குகூலி, இன்ஷூரன்ஸ் நாலு. ஆக இருநூத்திப் பதிமூணு. வரி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அத விட்டுட்டேன்."

"அப்பவும் குறைவுதானே?"

"இன்னும் முடியல. முழுப் பணமும் முன்னாடியே கேக்கறான். நாம செஞ்சு குடுத்து, ஆஸ்பத்திரி பணம் கைக்கு வர கிட்டத்தட்ட மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் நாம எடுக்கறது வட்டிப் பணம். அது ஒரு ஒன்பது. இருநூத்தி இருபத்திரண்டு."

"வட்டிய எதுக்கு வீல் மேல ஏத்தற? வட்டி பாங்க்குக்கு, வீல் ட்ராலிக்கு!"

"பணம் உன் பாக்கெட்லேருந்துதான்டா போகுது ரெண்டுக்கும்!" குரல் உயர்ந்தது. கீழே கிரைண்டர் சத்தம் நின்றது. காதுகள் மேலே திரும்பிவிட்டன என்று அர்த்தம். அவள் குரலைத் தாழ்த்தினாள். "சிடுமூஞ்சி சொன்னது நம்ம வாசல்ல இறக்கித் தர்ற விலை. சரக்கு வந்து நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுப் பணம். வட்டிய சேத்தாலும் இருநூத்தி இருபத்தாறுதான். ஒரு வீல் ஆடினா ஒரு வாரத்துல அவன் செலவுலயே மாத்திக் குடுப்பான், எழுதிக் குடுத்திருக்கான். சர்க்கரை? பெட்டியப் பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டான். இருபதுல ஒண்ணு வீண்னா, மிச்சம் பத்தொன்பது அந்த ஒண்ணோட விலையையும் சுமக்கணும். ஒரு நல்ல வீல் இருநூத்தி முப்பத்துநாலு ஆயிடும். மலிவுன்னு நீ சொல்றவன்தான் எட்டு அதிகம்."

தம்பி தாளைப் பார்த்தான். பார்த்த மாதிரிதான் இருந்தது. அவன் கண் முதல் வரியைத் தாண்டவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான், வினாத்தாளில் முதல் கேள்வியைப் பார்த்த உடனே எழுத ஆரம்பித்துவிடுவான்.

"அக்கா, இந்த ஆர்டர் நமக்கு எப்படி வந்துச்சு? விலைய அறுத்து அறுத்து அடிமாட்டு விலைக்குக் குடுத்தேன், அதனால வந்துச்சு. வீலுக்கு நான் போட்டது நூத்தித் தொண்ணூறு. அதுக்குமேல ஒரு காசு போனாலும் நம்ம லாபம்தான் கரையும். விலைதான்க்கா எல்லாம். மிச்சமெல்லாம் நீ தாள்ல போடற கோலம்."

"கோலமா?"

"சரி சரி, கோவிச்சுக்காத. ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" அவன் போனைத் திருப்பிக் காட்டினான். திரையில் பச்சை நிற டிக் ஒன்று மின்னியது. "நீ படியேறும்போதே அனுப்பிட்டேன். இன்னிக்கு நாலு மணி வரைக்கும்தான் அந்த விலைன்னு சொன்னான் அவன்."

அக்கா வீலைக் கையில் எடுத்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. எதையாவது எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. சாம்பிளுக்கும் கணக்கு இருக்கிறதே.

*

இருபது நாளில் வரும் என்ற சரக்கு இருபத்தாறாம் நாள் வந்தது. அந்த ஆறு நாளும் சர்க்கரை போனில் உருகிக்கொண்டே இருந்தான். "லாரி கிளம்பிடுச்சு மேடம்." "பாதி வழி வந்துடுச்சு மேடம்." "டிரைவருக்கு லேசா காய்ச்சல் மேடம்." வெல்டர் இதைக் கேட்டுவிட்டு, "அந்த டிரைவர் நடந்து வர்றானாக்கா?" என்றான்.

லாரி வந்ததும் டிரைவர் வாடகைச் சீட்டை நீட்டினான். இறக்குகூலிக்காரர்கள் தனியாக நின்றார்கள். அவள் எழுதிய அதே தொகைகள். கணக்கு சரியாக வந்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

பட்டறையில் நூற்றிருபது ட்ராலிகளும் உடம்பு முழுவதும் வெள்ளைப் பெயிண்ட் பூசி, கால் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் காத்திருந்தன. வீல் மாட்டினால் முடிந்தது. வெல்டர் ஒரு இரும்புப் பலகையில் போல்ட் ஒன்றை நட்டு வைத்தான். ஒவ்வொரு வீலாக அதில் செருகி, சுழற்றிவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்ப்பான். நேராக ஓடினால் வலப்பக்கக் கூடை. ஆடினால், முனகினால், பாதியில் முட்டி நின்றால் இடப்பக்கக் கூடை.

முதல் அரைமணி நேரம் அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பார்த்தான். பிறகு முணுமுணுப்பு நின்றுபோனது. இடப்பக்கக் கூடை நிறைந்து, இன்னொரு கூடை வந்தது.

"அக்கா," என்றான் தலை நிமிராமல், "சாம்பிளை இவன் குலுக்கல்ல எடுக்கல. பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்க வைக்கற மாதிரி, தேடித் தேடிச் சிங்காரிச்சு அனுப்பியிருக்கான். அந்த இருபதுலயே ஒண்ணு ஆடுச்சுன்னா மிச்சத்தோட லட்சணத்த பாத்துக்கோங்க."

இரண்டாம் நாள் மாலை ஐந்நூறும் முடிந்தது. நல்லவை நானூற்றெட்டு. கெட்டவை தொண்ணூற்றிரண்டு.

தம்பி கூடையருகே வந்து ஒரு வீலை எடுத்துச் சுழற்றினான். அதை வைத்துவிட்டு இன்னொன்று. அதையும் வைத்துவிட்டு இன்னொன்று. எங்காவது ஒன்று தப்பாகக் கூடை மாறியிருக்காதா என்ற நப்பாசை. எல்லாம் தள்ளாடின.

"எத்தனை ட்ராலிக்கு வரும்?" என்றான். கேட்கும்போதே அவன் மனசுக்குள் வகுத்து முடித்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"நூத்தி ரெண்டு. பதினெட்டு குறையுது." அக்கா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இப்ப ஒரு நல்ல வீல் நமக்கு எவ்வளவுக்கு விழுந்திருக்கு தெரியுமா? வட்டியோட இருநூத்தி எழுபத்திரண்டு."

அவன் கையிலிருந்த வீலை மெல்லக் கூடையில் வைத்தான். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அவள் சர்க்கரைக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க மேடம், உங்கள நினைச்சுக்கிட்டேதான் இருந்தேன்!"

"தொண்ணூத்திரண்டு வீல் ஆடுது. மாத்திக் குடுங்க."

"அடடா. பெட்டியப் பிரிச்சுட்டீங்களா மேடம்?"

"பிரிக்காம எப்படிப் பாக்கறது?"

"அதான் மேடம், பில்லுல மூணாவது வரியில தெளிவா இருக்கே. பிரிச்ச பெட்டி திரும்ப எடுக்கறதில்ல. பிரிக்காம இருந்திருந்தா எடுத்திருப்பேன்."

"பிரிக்காம இருந்தா ஆடுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். தெரியலைன்னா பிரச்சினையே இல்லையே!" அவன் குரலில் கேலி இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "வேணும்னா புதுசா நூறு வீல் ஆர்டர் போடுங்க. உங்களுக்காக நூத்தி எண்பத்து மூணு. பணம் அனுப்பின இருபதாவது நாள்..."

வெல்டர் கை நீட்டி, முதலாளியின் அனுமதி கேட்காமலே, போனை அணைத்தான்.

*

கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. அக்கா கடைத்தெரு முழுக்க அலைந்தாள். கிடைத்த வீல்கள் எல்லாம் மாட்டும் தகட்டில் வேறு இடைவெளியில் துளை உள்ளவை. பெயிண்ட் அடித்த ட்ராலியில் புதிதாகத் துளை போட்டால் அந்த இடம் துருப்பிடிக்கும். மருத்துவமனையில் ஒரு துருப்புள்ளி கண்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசியில், போகவே கூடாது என்று நினைத்திருந்த கடைக்குள் நுழைந்தாள்.

சிடுமூஞ்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தான்.

"யாரு? ஓ. விலைத்தாள் வாங்கிட்டுப் போன அம்மா. என்ன, அந்தத் தாள் போண்டா மடிக்க ஆச்சா?"

"எழுபத்திரண்டு வீல் வேணும். நாலு நாள்ல."

"எங்கேருந்து? என் தலையிலேருந்தா?" பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினான். காலி. "உங்க பேரு எழுதி ஐந்நூறு வீல் பதினஞ்சு நாள் இங்க கட்டி வெச்சிருந்தேன், ஒரு காசு முன்பணம் வாங்காம. வேணாம்னு ஒரு போன் பண்ணக்கூட யாருக்கும் வாய் வரல. தள்ளுவண்டிக்காரங்க வந்து மொத்தமா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"தப்புதான். மன்னிச்சுக்குங்க."

"மன்னிச்சா வீல் வருமா?"

ஆனாலும் போனை எடுத்தான். அவள் முன்னாலேயே மூன்று பேரைக் கூப்பிட்டான். மூன்று பேரையும் திட்டினான், கெஞ்சுவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான் போல. மூன்று பேரும் பத்து நாள் என்றார்கள். போனை மேசையில் போட்டுவிட்டு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினான்.

"குடிச்சுட்டுப் போங்க. வெயில்."

அவள் குடித்தாள். அழுகை வருவது மாதிரி இருந்தது. சிடுமூஞ்சி முன்னால் அழுவதா என்று எழுந்து வந்துவிட்டாள்.

பட்டறையில் தம்பி அவளுக்காகவே காத்திருந்தான். கையில் ஆடும் வீல் ஒன்று.

"அக்கா, ஒரு யோசனை. பதினெட்டு ட்ராலிக்கு இதையே மாட்டிடலாம். பின் வரிசையில நிக்க வெச்சா யாரு பாக்கப் போறா?"

"அது மேல மருந்து பாட்டில் நிக்கும்டா. ஊசி நிக்கும். நர்ஸ் தள்ளிட்டு ஓடும்போது சாஞ்சா?"

"எனக்கு வேற வழி தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. இருக்கறதக் கொண்டு போவோம். கால்ல விழறதுன்னாலும் நேரா விழுவோம்."

அவன் வீலைக் கூடையில் போட்டான். முதல் தடவையாக அக்கா சொன்னதைக் கேட்டான். கேட்க வேண்டிய நேரம் தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.

*

மருத்துவமனையின் பின்பக்கச் சரிவில் நூற்றிரண்டு ட்ராலிகளும் வெயிலில் பளபளத்து நின்றன. ஸ்டோர் அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பேனாவைக் காதில் செருகியிருந்தார். ஏழெட்டு ட்ராலிகளைத் தாமே தள்ளிப் பார்த்தார். கதவு நிலைப்படி மேல் ஏற்றி இறக்கினார். ஒன்றும் ஆடவில்லை.

"அருமையா இருக்கு. ஆனா எண்ணிக்கை குறையுதே?"

அக்கா மறைக்காமல் சொன்னாள். வீல் கதை முழுவதையும். பதினெட்டுக்குப் பத்து நாள் தவணை கேட்டாள். தம்பி பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "நாளன்னிக்குத் திறப்பு. மூணு மாடி, மாடிக்கு நாப்பது. எந்த வார்டை ட்ராலி இல்லாம திறக்கச் சொல்றீங்க? முழு எண்ணிக்கையும் ஒரே நாள்ல இல்லைன்னா ஆர்டர் ரத்துன்னு ஒப்பந்தத்துல இருக்கு. அத மாத்தற அதிகாரம் எனக்கில்ல. இன்னொருத்தர்கிட்ட தயாரா நூத்தம்பது இருக்கு. இன்னிக்கே எடுக்கணும்."

"இந்த நூத்திரண்டையாவது..." என்றாள் அக்கா.

"ரெண்டு மாடல் கலந்து எடுக்க முடியாதும்மா. கணக்கில ஏறாது. உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா என்னால ஒண்ணும் செய்ய முடியல."

அக்கா பக்கத்திலிருந்த ட்ராலியைப் பிடித்துக்கொண்டாள். அது சமர்த்தாக நகர்ந்து கொடுத்தது. லாரிக்காரன் தூரத்தில் நின்று, திரும்ப ஏற்றணுமா என்று கையால் கேட்டான்.

தம்பிதான் வெடித்தான். "மேடம், அந்த இன்னொருத்தர்கிட்ட போனா எவ்வளவு கூடக் குடுக்கணும்னு பாத்தீங்களா? எங்க விலைக்கு ஊர்லயே யாரும் தர முடியாது. ராத்திரி பகலா விலைய அறுத்துத்தான் இந்த ஆர்டரை வாங்கினேன். இருக்கறதுலயே குறைஞ்ச விலைன்னுதானே எங்களுக்குக் குடுத்தீங்க? அத நினைச்சாவது பத்து நாள் குடுங்க!"

 அதிகாரி கக்கத்தில் இருந்த கோப்பைப் பிரித்து, ஒரு தாளை எடுத்தார். மூன்று பெயர்கள், குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டங்கள், ஓரத்தில் சிவப்பு மையில் கூட்டல்கள்.

"யார் தம்பி உங்ககிட்ட அப்படிச் சொன்னது?" என்றார் மெதுவாக. "எங்க வாசல்ல இறக்கித் தர்றோம்னு எழுதியிருந்தீங்க. நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுப் பணம் போதும்னு எழுதியிருந்தீங்க. கெட்டுப்போனா மூணு நாள்ல எங்க செலவுல மாத்தித் தர்றோம்னு, இதோ இந்தம்மா கையெழுத்துல தெளிவா எழுதியிருந்தீங்க. அதையெல்லாம் போட்டுப் பாத்துத்தான் உங்கள எடுத்தேன்."

விரலைத் தாளின் முதல் கட்டத்தில் வைத்து, அவன் பக்கம் திருப்பினார்.

"வெறும் விலைய மட்டும் பாத்தா, மூணு பேர்ல நீங்கதான் தம்பி அதிகம்."